பெஸ்டல் அறிக்கை: "இதை எந்த கம்பெனிக்கும் ஒட்டலாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்

தேன்சிட்டு

எல்லோருக்கும் வணக்கம். திட்டமிடல் பிரிவில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. எங்கள் நிறுவனம் கோல்ட் ரூம் செய்கிறது. உணவுக் கிடங்கு, மருந்துக் கிடங்கு வைத்திருப்பவர்கள்தான் வாடிக்கையாளர்கள். அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்துக்கு முன்னால் பெஸ்டல் முறையில் வெளிச்சூழலை அலசச் சொன்னார்கள். அரசியல், பொருளாதாரம், சமூகம், தொழில்நுட்பம், சுற்றுச்சூழல், சட்டம் என்று ஆறு தலைப்பு போட்டு, பதினெட்டு வரி எழுதிக் கொடுத்தேன். அதில் நான்கு வரி இவை:

"அரசியல் நிலைத்தன்மை தொழிலைப் பாதிக்கும்."
"வட்டி விகித மாற்றம் தேவையைப் பாதிக்கலாம்."
"சுற்றுச்சூழல் விதிகள் கடுமையாகி வருகின்றன."
"தொழில்நுட்பம் வேகமாக மாறி வருகிறது."

மேலாளர் ஓரத்தில் இப்படி எழுதித் திருப்பிவிட்டார்: "கம்பெனி பெயரை அடித்துவிட்டு சோப்பு கம்பெனி என்று போட்டாலும் இது சரியாகத்தான் இருக்கும்." அவர் சொல்வது புரிகிறது. எப்படி மாற்றுவது என்றுதான் தெரியவில்லை. ஒரு வரியையாவது யாராவது மாற்றிக் காட்ட முடியுமா?

கிழக்குக்காற்று

எண் சேருங்கள், சரியாகிவிடும். வட்டி எத்தனை சதவீதம், பணவீக்கம் எத்தனை, குளிர்பதனச் சந்தை ஆண்டுக்கு எவ்வளவு வளர்கிறது என்று எல்லா வரியிலும் ஒரு எண் இருக்க வேண்டும். தலைப்புக்கு மூன்று வரி, வரிக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண். எங்கள் அலுவலகத்தில் இப்படித்தான் செய்கிறோம், யாரும் திருப்பி அனுப்பியதில்லை.

பழையகணக்கர்

எண் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் எண் வந்துவிட்டாலே வரி உங்களுடையதாகிவிடாது. "சந்தை ஆண்டுக்கு ஏழு சதவீதம் வளரும்" என்பது உங்கள் போட்டியாளருக்கும் அதே ஏழுதான். அதைப் படித்த மேலாளர் நாளை காலையில் எதை மாற்றுவார்? எதையும் மாற்றமாட்டார். எண் போட்ட பொத்தாம்பொது வரி, எண் இல்லாததைவிட மோசம். ஏனென்றால் அதை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

தேன்சிட்டு, உங்கள் மூன்றாவது வரியை எடுத்துக்கொள்வோம். "விதிகள் கடுமையாகி வருகின்றன." எந்த விதி? எந்தத் தேதியில் எது மாறுகிறது? அது எந்த வழியாக உங்கள் தொழிற்சாலைக்குள் நுழைகிறது? கடைசியில் கணக்குப் புத்தகத்தில் எந்த வரியில் போய் உட்காருகிறது? இந்த நான்குக்கும் பதில் வரும்வரை அந்த வரி முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இரண்டு தகவல் சொல்லுங்கள். உங்கள் அறைகளில் எந்த கேஸ் ஓடுகிறது? எந்தெந்த நாடுகளுக்கு விற்கிறீர்கள்?

தேன்சிட்டு

உறைநிலை அறைகளுக்கு ஆர்-404ஏ. சாதாரணக் குளிர் அறைகளுக்கு ஆர்-134ஏ. விற்பனையில் ஒரு பங்கு ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகிறது, மீதி வளரும் நாடுகளுக்கு. கேஸ் எங்களுக்கு வாங்கும் பொருள் அவ்வளவுதான், சிலிண்டரில் வரும், நிரப்புவோம். அதை வெளிச்சூழல் என்று நான் நினைத்ததே இல்லை.

பழையகணக்கர்

உங்கள் விஷயத்தில் அந்தச் சிலிண்டரில்தான் வெளிச்சூழல் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

இந்த இரண்டு கேஸும் எச்.எஃப்.சி. வகை, காற்றில் கலந்தால் பூமியைக் கடுமையாகச் சூடாக்குபவை. ஓசோன் படலத்தைக் காக்க வந்த மாண்ட்ரியல் உடன்படிக்கைக்கு 2016 அக்டோபரில் கிகாலியில் ஒரு திருத்தம் ஏற்கப்பட்டது, 2019 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. எச்.எஃப்.சி. பயன்பாட்டைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்பது அதன் சாரம். உங்களுக்கு முக்கியம், எல்லா நாட்டுக்கும் ஒரே தேதி இல்லை என்பது. வளர்ந்த நாடுகளில் பெரும்பாலானவை 2024-இல் தங்கள் அடிப்படை அளவிலிருந்து 40 சதவீதம் குறைத்திருக்க வேண்டும், 2029-இல் 70 சதவீதம், 2036-இல் 85 சதவீதம். வளரும் நாடுகளில் முதல் குழு 2024-இல் அளவை உறைய வைத்து, 2029-இல் 10 சதவீதம் குறைக்கிறது. இந்தியா, பாகிஸ்தான், வளைகுடா நாடுகள் போன்றவை இருக்கும் இரண்டாவது குழுவுக்கு 2028-இல்தான் உறைநிலை, 2032-இல் முதல் 10 சதவீதம்.

ஆக, "விதிகள் கடுமையாகின்றன" என்று நீங்கள் எழுதிய ஒரே வரிக்குள் மூன்று வெவ்வேறு நாட்காட்டிகள் ஒளிந்திருக்கின்றன. உங்கள் விற்பனையை நாடுவாரியாகப் பிரித்து, எந்தப் பங்கு எந்த நாட்காட்டியில் விழுகிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்தது, எந்த வழியாக உள்ளே வருகிறது என்பது. பலர் "தடை வரும்" என்று எழுதிவிடுவார்கள். பெரும்பாலும் முதலில் வருவது தடை இல்லை, ஒதுக்கீடு. அதுவும் கிலோவில் கணக்கிடப்படுவதில்லை, கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடான டன்னில். கார்பன் டை ஆக்சைடின் வெப்பமாக்கும் திறனை 1 என்று வைத்தால் ஆர்-404ஏ-வுக்கு 3922, ஆர்-134ஏ-வுக்கு 1430. அதாவது ஒரு கிலோ 404ஏ கொண்டுவரும் இறக்குமதியாளர், ஏறக்குறைய 2.7 கிலோ 134ஏ-வுக்கான ஒதுக்கீட்டைத் தின்றுவிடுகிறார். ஒதுக்கீடு சுருங்கும்போது அவர் முதலில் எதைக் கைவிடுவார்? உங்கள் உறைநிலை அறையில் ஓடுகிற கேஸைத்தான். விலை ஏறுவதும், கேட்ட நேரத்தில் கிடைக்காமல் போவதும் அங்கிருந்துதான் தொடங்கும்.

ஐரோப்பாவில் இது ஏற்கெனவே நடந்துவிட்டது. 2014-இல் வந்த 517 எண் ஒழுங்குமுறை, திறன் 2500-க்கு மேல் உள்ள புதிய கேஸைக் கொண்டு பெரிய குளிர்பதன அமைப்புகளுக்கு சர்வீஸ் செய்வதை 2020 ஜனவரி முதல் தடுத்தது. பெரியது என்றால் 40 டன் ஈடு அல்லது அதற்கு மேல். 40,000-ஐ 3922-ஆல் வகுத்துப் பாருங்கள், 10.2 கிலோ. பத்து கிலோ 404ஏ இருந்த அறை தப்பியது, பதினொரு கிலோ இருந்த அறை மாட்டிக்கொண்டது. 2024-இல் வந்த 573 எண் ஒழுங்குமுறை இதை இன்னும் இறுக்கி, 2025 ஜனவரி முதல் அந்த 40 டன் வரம்பையும் எடுத்துவிட்டது, அதனால் சின்ன அறைகளும் இப்போது மாட்டிக்கொண்டன. 2050-க்குள் எச்.எஃப்.சி. ஒதுக்கீட்டையும் பூஜ்யமாக்குகிறது. நீங்கள் போய்ப் பார்க்க வேண்டியது, கடந்த பத்தாண்டில் அங்கே விற்ற அறைகளில் எத்தனையில் 404ஏ நிரப்பினீர்கள் என்பதை.

முதலாமாண்டு

எனக்கும் பாடத்தில் இது இருக்கிறது, அதனால் கேட்கிறேன். எங்கள் குழுவின் ப்ராஜக்ட்டில் போட்டி நிறுவனம் விலையை 10 சதவீதம் குறைத்ததைப் பொருளாதாரத் தலைப்பில் போட்டிருக்கிறோம். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் விலகியதையும் அதில்தான் போட்டோம். அது குறிப்பான வரிதானே?

பழையகணக்கர்

குறிப்பான வரிதான் தம்பி, ஆனால் இந்த அட்டவணைக்கு உரியது இல்லை. போட்டியாளரும் வாடிக்கையாளரும் உங்கள் துறைக்குள் இருப்பவர்கள். நீங்கள் விலையை மாற்றினால் அவர்களும் மாறுவார்கள். இங்கே வருவது, நீங்கள் என்ன செய்தாலும் அசையாத விஷயங்கள். போட்டியாளர் ஏன் குறைத்தார் என்று தோண்டிப் பாருங்கள். அவருடைய நாட்டு நாணயத்தின் மதிப்பு இறங்கியதால் குறைத்திருந்தால், அந்த நாணய மாற்றம்தான் இந்த அட்டவணைக்கு வரும். சரக்கு தேங்கியதால் குறைத்திருந்தால் வராது.

சர்வீஸ்வேன்

நான் அறிக்கை எழுதுகிற ஆள் இல்லை. இருபது வருடமாக கம்ப்ரஸர் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவன். ஆனால் இந்த இழையில் ஒன்று விட்டுப்போகிறது என்பதால் எழுதுகிறேன்.

கேஸ் அறைக்குள்ளேயே இருந்துவிடுவதில்லை. ஃபிளேர் இணைப்பில் கசியும், வால்வுத் தண்டில் கசியும், அதிர்வில் குழாய் விரிசல் விட்டால் ஒரே இரவில் மொத்தமும் போய்விடும். வாரண்டி காலத்தில் இதை நிரப்பித் தருவது யார்? அறையைச் செய்து கொடுத்தவர்கள்தான். அதனால் கேஸ் விலை ஏறினால் புது அறையின் செலவு மட்டும் ஏறாது. ஏற்கெனவே விற்று, காசு வாங்கி, மறந்துபோன அறைகளின் செலவும் ஏறும். விற்ற விலையை இனி மாற்ற முடியாது என்பதை நினைத்துப் பாருங்கள். ஐரோப்பாவில் விலை எகிறிய காலத்தில் கள்ளச் சிலிண்டர்கள் புழக்கத்துக்கு வந்தன. லேபிளில் ஒன்று, உள்ளே வேறொன்று. அதை நிரப்பி கம்ப்ரஸர் போனால் அந்தப் பழியும் வாரண்டிக் கணக்கில்தான் வந்து விழும்.

மாற்று கேஸ் பற்றியும் "இயற்கை கேஸுக்கு மாறலாம்" என்று ஒரே வரியில் எழுதிவிடாதீர்கள். புரோப்பேன் நல்ல கேஸ், வெப்பமாக்கும் திறன் மிகக் குறைவு, ஆனால் தீப்பிடிக்கும். வணிகக் குளிர்பதனப் பெட்டிகளுக்கான ஐ.இ.சி. 60335-2-89 தரநிலை 2019-இல்தான் ஒரு சுற்றுக்கு 150 கிராம் என்ற வரம்பை ஏறக்குறைய 500 கிராமாக உயர்த்தியது. சின்னப் பெட்டிக்கு அது பெரிய விடுதலை. பன்னிரண்டு கிலோ 404ஏ ஓடுகிற அறைக்கு அந்த அரைக் கிலோவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அங்கே கார்பன் டை ஆக்சைடோ அம்மோனியாவோதான். கார்பன் டை ஆக்சைடு 31 டிகிரிக்கு மேல் திரவமாக மாறாது. வெயில் கொளுத்தும் இடத்தில் 100 பார் அளவு அழுத்தத்தில் ஓட்ட வேண்டியிருக்கும், மின்சாரமும் கூடுதலாக இழுக்கும். அதற்கு வேறு கருவிகள் உண்டு, ஆனால் அதைக் கையில் எடுத்துச் சரிசெய்யத் தெரிந்த ஆள் எத்தனை பேர்?

தேன்சிட்டு

அண்ணா, நீங்கள் கடைசியாகக் கேட்டது என்னை உலுக்கிவிட்டது. சமூகத் தலைப்பில் நான் "மக்களின் வாழ்க்கை முறை மாறி, உறைந்த உணவு சாப்பிடுவது கூடுகிறது" என்றுதான் எழுதியிருந்தேன். உயர் அழுத்த அமைப்பை சர்வீஸ் செய்யத் தெரிந்தவர்கள் நாங்கள் விற்கும் ஊர்களில் இருக்கிறார்களா, இளைஞர்கள் இந்த வேலைக்கு வருகிறார்களா என்பதும் சமூகத் தலைப்புதானே?

சர்வீஸ்வேன்

எந்தத் தலைப்பு என்று எனக்குத் தெரியாதும்மா. ஆள் இல்லை என்றால் அறை நின்றுவிடும், உள்ளே இருக்கிற மருந்து போய்விடும். அது தெரியும்.

கிழக்குக்காற்று

இங்கேதான் எனக்குச் சிக்கல். கிகாலி என்பது நாடுகளுக்கு இடையிலான ஒப்பந்தம், அது அரசியல். ஒழுங்குமுறை என்றால் சட்டம். காரணம் பூமி சூடாவது, அது சுற்றுச்சூழல். மாற்று கேஸ் தொழில்நுட்பம். ஒரே விஷயத்தை நான்கு இடத்தில் எழுதி மதிப்பெண் போட்டால் அது மட்டும் பூதாகரமாகத் தெரியுமே?

பழையகணக்கர்

சரியான கேள்வி. ஒரே இடத்தில் எழுதுங்கள், மற்ற இடங்களில் அதைச் சுட்டினால் போதும். எங்கே வைப்பது என்பதற்கு என் வழக்கம் இது: அந்தத் தேதியை மாற்றும் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ அங்கே வைப்பேன். ஒழுங்குமுறை வெளியாகிவிட்டால் சட்டம். இன்னும் பேச்சுவார்த்தையில் இருந்தால் அரசியல். இதில் ஒரு வசதி, பேச்சு சட்டமாகும்போது வரி ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு நகரும். அந்த நகர்வே ஒரு செய்தி.

1967-இல் பிரான்சிஸ் அகிலார் இதைத் தொடங்கியபோது நான்கு தலைப்புதான். பிறகு வந்தவர்கள் ஆறாக்கினார்கள். எதையும் மறந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் தலைப்புகள். எல்லாவற்றையும் சமமாக நிரப்ப வேண்டும் என்று எங்கும் இல்லை. உங்கள் "தலைப்புக்கு மூன்று வரி" விதிதான் பொத்தாம்பொது வரிகளைப் பெற்றெடுக்கிறது. மூன்றாவது வரிக்கு விஷயம் இல்லாதபோது கை தானாகவே "தொழில்நுட்பம் வேகமாக மாறுகிறது" என்று எழுதிவிடும். சொல்ல எதுவும் இல்லையென்றால் பெட்டியை வெறுமையாக விட்டு, எதையெல்லாம் பார்த்தோம், ஏன் விட்டோம் என்று ஒரு வரி போடுங்கள்.

கிழக்குக்காற்று

மூன்று வரி விதியை விட்டுவிடுகிறேன். மதிப்பெண்ணை விடமாட்டேன். இயக்குநர்கள் பத்து நிமிடத்தில் படிக்க வேண்டும், வரிசைப்படுத்தித் தந்தே ஆக வேண்டும்.

மையும்தாளும்

என் அனுபவம் ஒன்று, வட்டி வரிக்கு உதவலாம். நான் முன்பு ஓர் அச்சகத்தில் கணக்குப் பார்த்தேன். வங்கிக் கடன் எதுவும் இல்லை. ஆலோசகர் தந்த அறிக்கையில் "வட்டி உயர்வு: பாதிப்பு குறைவு, 5-க்கு 1" என்று இருந்தது. எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். வட்டி ஏறிய வருடம் ஆர்டர் ரத்து ஒன்றுகூட வரவில்லை. ஆனால் கொட்டேஷன் வாங்கிப் போனவர்கள் திரும்பி வரவே இல்லை, "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்றார்கள். அவர்கள் கடன் வாங்கித்தான் அச்சுக்குக் கொடுத்துவந்தார்கள் என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. ஐந்து மாதம் கழித்து இயந்திரங்கள் சும்மா நின்றபோதுதான் புரிந்தது. அப்புறம் ஒவ்வொரு கொட்டேஷனிலும் தேதி எழுதி, அட்வான்ஸ் வரும் தேதியையும் குறித்துவைக்கத் தொடங்கினோம். முன்பு மூன்று வாரத்தில் வந்துகொண்டிருந்த அட்வான்ஸ் ஏழு வாரத்துக்குப் போயிருந்தது.

பழையகணக்கர்

இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பாதிப்பு உங்கள் கடன் வழியாக வரவில்லை, வாடிக்கையாளரின் கடன் வழியாக வந்தது. கோல்ட் ரூம் கட்டுகிறவர்களும் பெரும்பாலும் கடனில்தான் கட்டுவார்கள். தேன்சிட்டு, உங்கள் இரண்டாவது வரி இங்கே இருக்கிறது. கிழக்குக்காற்று, அந்த "5-க்கு 1" என்ன செய்தது என்று பார்த்தீர்களா? எந்த வழியாக வரும் என்று எழுதாமல் மதிப்பெண் போட்டதால், தவறு எங்கே என்று கண்டுபிடிக்கக்கூட இடமில்லாமல் போயிற்று. வழியை எழுதிவிட்டு மதிப்பெண் போடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

தேன்சிட்டு

இரண்டு நாள் பழைய கோப்புகளோடு உட்கார்ந்திருந்தேன். மூன்று வரிகளைத் திருத்தி எழுதியிருக்கிறேன். தயவுசெய்து கிழித்துப் பாருங்கள்.

சட்டம்: "ஐரோப்பாவில் நாம் விற்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் 212 அறைகளில் 61-இல் ஆர்-404ஏ இருக்கிறது. அவற்றில் 14 இன்னும் வாரண்டியில் உள்ளன. புதிய 404ஏ நிரப்ப முடியாது, சுத்திகரித்த கேஸ் கிடைக்க வேண்டும் அல்லது கேஸை மாற்ற வேண்டும். பாதிக்கும் இடம்: வாரண்டிக்காக ஒதுக்கிவைக்கும் பணம். பார்க்க வேண்டியது: சுத்திகரித்த 404ஏ-வின் காலாண்டு விலை."

பொருளாதாரம்: "நமக்குக் கடன் குறைவு, வாடிக்கையாளருக்கு அதிகம். வட்டி ஏறினால் ஆர்டர் ரத்தாகாது, தள்ளிப்போகும். பாதிக்கும் இடம்: அடுத்த இரண்டு காலாண்டின் உற்பத்தி அட்டவணை. பார்க்க வேண்டியது: கொட்டேஷனுக்கும் அட்வான்ஸுக்கும் இடையிலான நாட்கள்."

தொழில்நுட்பம்: "ஆர்-404ஏ-வுக்குப் பதிலாக எச்.எஃப்.ஓ. கலந்த கேஸுக்கு மாறலாம். அவற்றில் சிலவற்றின் வெப்பமாக்கும் திறன் 404ஏ-வில் பாதிகூட இல்லை, பழைய கம்ப்ரஸர்களில் பலவற்றில் ஓடும்."

பழையகணக்கர்

முதல் இரண்டையும் தொடமாட்டேன். அந்த 61-ஐயும் 14-ஐயும் வேறு எந்த நிறுவனமும் எழுத முடியாது.

மூன்றாவதில் ஒரு எச்சரிக்கை. எச்.எஃப்.ஓ. கேஸ்களில் சில காற்றில் சிதைந்து டி.எஃப்.ஏ. என்ற அமிலமாகின்றன, அது நீரில் தங்கிவிடுகிறது. ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க், ஸ்வீடன், நார்வே ஆகிய ஐந்து நாடுகளும் 2023 ஜனவரியில், எளிதில் சிதையாத பி.எஃப்.ஏ.எஸ். வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும்படி ஒரு முன்மொழிவைக் கொடுத்தன. இந்த கேஸ்களும் அதன் வரம்புக்குள் வருகின்றன. முன்மொழிவு சட்டம் இல்லை. விலக்குகள் வரலாம், காலம் நீளலாம். அதனால் இதைச் சட்டப் பெட்டியில் போடாதீர்கள், அரசியல் பெட்டியில் போடுங்கள். பக்கத்தில் "முடிவாகவில்லை" என்று எழுதி, எது நடந்தால் உங்கள் முடிவு மாறும் என்றும் எழுதுங்கள். நீங்கள் இன்னும் திருத்தாத அரசியல் பெட்டிக்கு உண்மையான ஒரு வரி கிடைத்துவிட்டது.

கிழக்குக்காற்று

அப்படியென்றால் எச்.எஃப்.ஓ.-வுக்கு மாறி, சில வருடத்தில் மறுபடியும் மாறுவதா? நேராக கார்பன் டை ஆக்சைடுக்கே போய்விடலாமே.

சர்வீஸ்வேன்

பேப்பரில் போகலாம். புதிதாகக் கட்டும் அறைக்கு நானும் அதையே சொல்வேன். ஓடிக்கொண்டிருக்கிற 61 அறைக்கு முடியாது. குழாய், காயில், கம்ப்ரஸர் எல்லாமே அந்த அழுத்தத்துக்குச் செய்தவை இல்லை, மொத்தமும் கழற்ற வேண்டும். அதற்கு கேஸை மட்டும் மாற்றி, கசிவை அடைத்து, ஆயுள் முடியும்வரை ஓட்டுவதுதான் வழி.

பழையகணக்கர்

பழைய அறைகள் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். புதிய அறைகள் விஷயத்தில் அவ்வளவு உறுதியாக இல்லை. இரண்டாவது குழு நாடுகளுக்கு விற்பவற்றில் இன்றே கார்பன் டை ஆக்சைடு போட்டால், 2032 வரை குறைக்க வேண்டிய கட்டாயம் இல்லாத போட்டியாளரைவிட விலை கூடிவிடும். போடாவிட்டால், பத்துப் பதினைந்து வருடம் ஓடும் அறை 2028 உறைநிலையையும் ஒன்றிரண்டு குறைப்புகளையும் தாண்டியாக வேண்டும். இதற்கு அட்டவணை பதில் சொல்லாது, உங்கள் இயக்குநர்கள்தான் சொல்ல வேண்டும்.

தேன்சிட்டு

முடிவு எடுக்க அவர்கள் முதலில் கேட்கப்போவது, ஒரு அறை வருடத்துக்கு எவ்வளவு கேஸ் கசிகிறது என்பதைத்தான். சர்வீஸ் பிரிவில் கேட்டேன். இரண்டு நாடுகளில் மட்டும்தான் பதிவேடு வைத்திருக்கிறார்கள். மற்ற இடங்களில் சிலிண்டர் வாங்கிய பில்தான் இருக்கிறது, எந்த அறைக்கு நிரப்பினார்கள் என்று இல்லை. பில்லிலிருந்து கணக்கிட வழி இருக்கிறதா அண்ணா?

சர்வீஸ்வேன்

வருடத் தொடக்கத்தில் இருந்த கையிருப்போடு வாங்கியதைக் கூட்டி, புது அறைக்கு நிரப்பியதையும் வருடக் கடைசியில் மிஞ்சிய கையிருப்பையும் கழித்தால் மொத்தக் கசிவு ஓரளவு வரும். எந்த அறை என்று தெரியாது. முதலில் அந்த 14-க்கு மட்டும் பதிவேடு தொடங்கச் சொல்லுங்கள். சிலிண்டரை நிரப்புவதற்கு முன்னும் பின்னும் தராசில் வைத்து, இரண்டு எடையையும் அறை எண்ணோடு எழுதினால் போதும்.